5 மாதப் பெண் குழந்தை, இரவில் ஐந்து முறை எழுகிறாள்: இது வழக்கம்தானா, பால் போதவில்லையா?

வெண்ணாறு_அம்மா | புதன், இரவு 11:20

வணக்கம். ஊர் மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். மகளுக்கு 5 மாதம் முடிந்துவிட்டது. தாய்ப்பால் மட்டும்தான். மூன்றரை மாத ஊசி போடும் வரை இரவில் இரண்டு முறை எழுவாள், குடிப்பாள், தூங்கிவிடுவாள். இப்போது பதினொன்று, பன்னிரண்டரை, இரண்டு, மூன்றரை, ஐந்து என்று மணி அடித்த மாதிரி எழுகிறாள். பகலில் அழுகை கிடையாது. அத்தை, "இந்த மாதிரி சமத்துப் பிள்ளையை நான் பார்த்ததே இல்லை" என்கிறார்.

நான் தனியார் பள்ளியில் ஆசிரியை. விடுப்பு முடிந்து ஒன்றரை மாதமாகப் போய் வருகிறேன். பகலில் அத்தைதான் பார்த்துக்கொள்கிறார். பால் பீய்ச்சி வைத்துவிட்டுப் போவேன், பாலாடையில் கொடுப்பார்.

"உனக்குப் பால் வற்றிவிட்டது, ராத்திரி கேழ்வரகுக் கூழ் கொஞ்சம் கொடுத்துப் படுக்க வை" என்று அத்தை சொல்கிறார். "எல்லாக் குழந்தையும் எழத்தான் செய்யும்" என்கிறார் கணவர். இதில் எது சரி என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

---

குடமுருட்டி_சிவா | புதன், இரவு 11:48

உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. நான்கு மாதத்துக்கு மேல் குழந்தையின் தூக்கமே மாறும். நம்மைப் போல ஆழ்ந்த தூக்கம், லேசான தூக்கம் என்று மாறி மாறி வரும். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் அரைவிழிப்பு. பெரியவர்கள் புரண்டு படுத்துக்கொள்வோம், குழந்தை அம்மாவைத் தேடும். என் பையனுக்கும் நான்கரை மாதத்தில் இதே கதைதான். இரண்டு மாதத்தில் தானாகச் சரியாகிவிட்டது. எடை பச்சைக் கோட்டில் இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம்.

---

ஆடுதுறை_லட்சுமி | வியாழன், காலை 6:05

தம்பி, ஒன்றரை மணிக்கு ஒரு தடவை எழுகிற பிள்ளைக்குப் பசி இல்லாமல் என்ன? நாங்கள் மூன்று பிள்ளைக்கும் நாலாம் மாதமே கஞ்சி ஆரம்பித்தோம். புழுங்கல் அரிசியை வறுத்து அரைத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன். விடிய விடியத் தூங்கினார்கள்.

---

ஒரத்தநாடு_அப்பா | வியாழன், காலை 7:30

பகலிரவு மாறிப்போன குழந்தை போல இருக்கிறது. பகலில் வெளிச்சத்தில் வையுங்கள், மாலையில் சீக்கிரம் விளக்கை அணையுங்கள். எங்களுக்குப் பிறந்த புதிதில் இப்படித்தான் இருந்தது, ஒரு மாதத்தில் மாறியது.

---

பாமணி | வியாழன், பிற்பகல் 2:15

ஒரத்தநாடு அண்ணன் சொல்வது பிறந்த முதல் சில வாரத்துக் கதை. இது 5 மாதக் குழந்தை, ராத்திரி விழித்து விளையாடவும் இல்லை. குடித்துவிட்டுத் தூங்குகிறாள். அதனால் அதை விட்டுவிடலாம்.

அரசு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தை வார்டிலும் பாலூட்டும் அறையிலும் பல வருடம் வேலை பார்த்தவள் நான், இப்போது ஓய்வு. வெண்ணாறு, ராத்திரியை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ராத்திரி ஐந்து முறை எழும் குழந்தை நன்றாக வளரும் குழந்தையாகவும் இருக்கலாம், பகலில் கிடைக்காததை ராத்திரி வசூல் செய்யும் குழந்தையாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். பகலை எழுதிப் பார்த்தால்தான் பிரியும்.

பள்ளி உள்ள ஒரு நாள், வீட்டில் இருக்கும் ஒரு ஞாயிறு, இரண்டையும் எழுதுங்கள். காலை எழுந்ததிலிருந்து மறுநாள் காலை வரை. எத்தனை மணிக்குக் குடித்தாள் என்பதோடு நிறுத்தாமல், விழுங்கும் சத்தம் எவ்வளவு நேரம் கேட்டது என்பதையும் எழுத வேண்டும். மார்பில் வாய் வைத்திருப்பது வேறு, குடிப்பது வேறு. பால் நன்றாக இறங்கும்போது ஒன்றிரண்டு உறிஞ்சலுக்கு ஒரு தரம் 'க்' என்று தொண்டையில் கேட்கும். வெறுமனே சப்பினால் உதடும் தாடையும் பரபரவென்று அசையும், சத்தம் வராது.

பாலாடையில் கொடுப்பதை அத்தையிடம் கேட்டு மில்லிக் கணக்கில் எழுதுங்கள். பால் தவிர வாய்க்குள் போன எல்லாவற்றையும் எழுதுங்கள், வெந்நீர், உரைமருந்து, கிரைப் வாட்டர் எதுவானாலும். எத்தனை மணிக்குத் தூங்கினாள், எங்கே தூங்கினாள் என்பதும் வேண்டும். ஈரத்துணி எத்தனை, சிறுநீர் என்ன நிறம் என்றும் குறியுங்கள். தாய் சேய் நல அட்டையில் இருக்கும் எடைகளைத் தேதியோடு போடுங்கள்.

அத்தையைக் குறுக்கு விசாரணை செய்கிற மாதிரி கேட்காதீர்கள். ஒரு காகிதத்தை அடுக்களைச் சுவரில் ஒட்டி, பக்கத்தில் பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டால் போதும்.

---

வெண்ணாறு_அம்மா | திங்கள், இரவு 9:40

நன்றி அக்கா. எழுதினேன். அத்தைக்கு எழுதுவதில் ஆர்வமே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை. காலை ஆறரைக்கு நன்றாகக் குடித்தாள், பத்து நிமிடம் விழுங்கும் சத்தம் கேட்டது. எட்டு மணிக்குக் கிளம்பும் அவசரத்தில் கொடுத்தேன், மூன்று நான்கு நிமிடம்தான். வாசலில் பள்ளி வேன் சத்தம் கேட்டதும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பத்தரைக்குப் பாலாடையில் 50 மில்லி. கொஞ்சம் கழுத்தில் வழிந்ததாம். பதினொன்றிலிருந்து ஒன்றே முக்கால் வரை தூளியில் தூக்கம். இரண்டு மணிக்கு 40 மில்லி, அதோடு வெயிலுக்கு என்று இரண்டு பாலாடை வெந்நீர். மூன்றிலிருந்து நாலரை வரை மறுபடி தூளி. ஐந்து மணிக்கு நான் வந்ததும் நன்றாகக் குடித்தாள், எனக்கும் மார்பு கட்டிப்போய் வலித்தது. ஏழு மணிக்கு வீட்டில் ஆட்கள் இருந்தார்கள், சரியாகக் குடிக்கவில்லை. எட்டரைக்குக் குடித்துத் தூங்கினாள். அப்புறம் ராத்திரி ஐந்து முறை. ஐந்து முறையும் எட்டு, பத்து நிமிடம் சத்தத்தோடு குடித்தாள். இதை நான் இதுவரை கவனித்ததில்லை.

ஈரத்துணி மொத்தம் 7. நான் பள்ளியில் இருந்த ஒன்பது மணி நேரத்தில் 2 மட்டும், அதில் ஒன்று நல்ல மஞ்சள். மீதி எல்லாம் மாலைக்கும் விடியலுக்கும் இடையில்.

ஞாயிறு நான் வீட்டில். பகலில் எட்டு முறை குடித்தாள். தூளியில் சிணுங்கினால் ஆட்டாமல் எடுத்துக் கொடுத்தேன். அன்று ராத்திரி மூன்று முறைதான் எழுந்தாள்.

எடை: பிறந்தபோது 2.9 கிலோ. 14 வாரத்தில் ஊசி போட்டபோது 5.9. போன வாரம், 22 வாரத்தில், 6.3. அங்கன்வாடியில் பச்சையில்தான் இருக்கிறது, பயம் இல்லை என்றார்கள்.

---

குடமுருட்டி_சிவா | திங்கள், இரவு 10:02

பச்சையில் இருக்கிறது, ஈரத்துணியும் ஆறுக்கு மேல். அப்புறம் என்ன? நான் சொன்னதுதான்.

---

பாமணி | செவ்வாய், காலை 10:30

சிவா தம்பி சொல்லும் இரண்டும் உண்மை. ஆனால் அந்த இரண்டு உண்மையும் வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

ஏழு ஈரத்துணி என்றால் குழந்தை உடம்பில் நீர் வற்றவில்லை. அது நல்ல செய்தி. வளரும் அளவுக்குக் கிடைக்கிறதா என்பதை அது சொல்லாது. இங்கே மொத்தத்தைவிட எப்போது நனைந்தது என்பதுதான் பேசுகிறது. ஒன்பது மணி நேரத்தில் 2, அதிலும் ஒன்று மஞ்சள். பகலில் உள்ளே போனது குறைவு, ராத்திரி போனது வெளியே வருகிறது.

அட்டையில் பச்சை என்பது இன்றைக்குக் குழந்தை நிற்கும் இடம். கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். 14 வாரத்தில் அவள் பெண் குழந்தைகளின் நடுக்கோட்டை ஒட்டி இருந்தாள். அதற்கப்புறம் 8 வாரத்தில் 400 கிராம், வாரத்துக்கு 50. இந்த வயதில் நடுக்கோட்டில் போகிற பெண் குழந்தைக்கு வாரம் 100 கிராமுக்கு மேல் ஏறும். இன்னும் பச்சைக்குள்தான் இருக்கிறாள், ஆனால் கோடு படுக்கத் தொடங்கிவிட்டது. பச்சையைத் தாண்டி வெளியே வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இப்போது பகல் கணக்கு. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 மில்லியைச் சுற்றிக் குடிக்கும். ஆளுக்கு ஆள் நிறைய வித்தியாசப்படும், அதனால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 24 மணிக்குப் பங்கிட்டால் மணிக்கு 30 மில்லி. நீங்கள் இல்லாத ஒன்பது மணி நேரத்துக்கு 270 மில்லி வருகிறது. வைத்துவிட்டுப் போனதே 90. வழிந்தது போக 70, 75 உள்ளே போயிருக்கும். மீதி 200 மில்லியை உங்கள் பெண் எங்கே தேடுவாள்? ராத்திரி உங்கள் மார்பில்தான் தேடுகிறாள்.

பகலில் அழாமல் இருப்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். கிடைப்பது குறைவு என்று பழகிவிட்டால் சில குழந்தைகள் அதிகமாகத் தூங்கி ஓட்டிவிடும், அம்மா வந்ததும் பிடித்துக்கொள்ளும். வேலைக்குப் போகும் தாய்மார்களிடம் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். இது நோய் இல்லை. ராத்திரி குடிப்பதால்தான் அவள் இந்த அளவுக்காவது ஏறியிருக்கிறாள். அதனால் ராத்திரிப் பாலை இப்போதைக்கு ஒரு வேளைகூடக் குறைக்காதீர்கள். அது தப்பான இடத்தில் கை வைப்பது.

பால் வற்றவில்லை என்பதற்கும் உங்கள் குறிப்பே சாட்சி. மாலை ஐந்து மணிக்கு மார்பு கட்டி வலிக்கிறது, ராத்திரி ஐந்து முறையும் விழுங்கும் சத்தம் கேட்கிறது. ஆனால் தினமும் ஒன்பது மணி நேரம் இப்படிக் கட்டிக் கிடந்தால், போகப் போக உடம்பு உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். அதைத்தான் தடுக்க வேண்டும்.

---

ஆடுதுறை_லட்சுமி | செவ்வாய், காலை 11:10

200 மில்லி குறைகிறது என்று நீயே சொல்கிறாய். அதைத்தானே அம்மா நானும் சொன்னேன், கஞ்சி கொடு என்று.

---

பாமணி | செவ்வாய், பிற்பகல் 1:40

லட்சுமியம்மா, குறைகிறது என்பதில் நீங்கள் சரி. எதை வைத்து நிரப்புவது என்பதில்தான் வேறுபடுகிறேன். ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் மாவு என்றால் மொத்த டம்ளரிலும் 25 கலோரி தேறுவது கஷ்டம். அதே அளவு தாய்ப்பாலில் 100 கலோரி இருக்கும். வயிறு முட்டும், சத்து கால்பங்குகூட இல்லை. அந்த டம்ளர் குடித்த குழந்தை பாலை இன்னும் குறைவாகக் குடிக்கும். ஆறு மாதத்துக்கு முன்னால் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பதில் வயிற்றுப்போக்குப் பயமும் உண்டு, அதுவும் ஆற்றில் புதுத்தண்ணீர் வரும் காலத்தில் நம் ஊர்க் குழாயில் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியாததா? உங்கள் பிள்ளைகள் நன்றாக வளர்ந்தார்கள் என்றால் பகல் முழுக்க நீங்கள் வீட்டில் இருந்து பாலும் கொடுத்தீர்கள் என்பதும் சேர்ந்ததுதான்.

வெண்ணாறு, அந்த இரண்டு பாலாடை வெந்நீரும் வேண்டாம். சித்திரை வெயிலிலும் தாய்ப்பாலில் இருக்கும் நீரே போதும்.

---

வெட்டாற்றங்கரை | செவ்வாய், மாலை 6:20

ஒரு சந்தேகம். இரண்டு எடையும் ஒரே தராசில் போட்டதா? எங்கள் பெண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு எடை, அதே வாரம் தனியார் மருத்துவரிடம் 250 கிராம் குறைவு. வீட்டில் ஒரே களேபரம். அப்புறம் பார்த்தால் முதல் இடத்தில் ஸ்வெட்டர், அரைஞாண், ஈரத்துணி எல்லாவற்றோடும் போட்டிருக்கிறார்கள்.

---

பாமணி | செவ்வாய், இரவு 8:05

நல்ல கேள்வி, நான் கேட்டிருக்க வேண்டியது. 400 கிராமை வைத்துப் பேசும்போது தராசு 200 மாறினால் கதையே மாறிவிடும். வெண்ணாறு, 14 வாரத்தில் எங்கே போட்டீர்களோ அதே தராசில், துணி இல்லாமல் ஒரு முறை போடுங்கள்.

---

வெண்ணாறு_அம்மா | புதன், இரவு 9:15

இன்று அதே சுகாதார நிலையத்தில், துணியில்லாமல்: 6.35.

---

பாமணி | வியாழன், காலை 9:50

சரி, தராசைக் குறை சொல்ல முடியாது. செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

பள்ளியில் இரண்டு முறை பீய்ச்ச வேண்டும், பதினொன்றரை இடைவேளையில் ஒன்று, மதியச் சாப்பாட்டு நேரத்தின் கடைசியில் ஒன்று. கையால் பீய்ச்சப் பழகினால் பதினைந்து நிமிடம். பம்ப் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை. ஆசிரியர் அறையில் குளிர்ப்பெட்டி இருந்தால் அதில் வையுங்கள். இல்லையென்றால் அகல வாய் பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு, அதற்குள் மூடிய எவர்சில்வர் டப்பா. வெளியில் வைத்த பால் நான்கு மணி நேரம் என்பார்கள், அது குளுமையான அறைக்கு. நம் வெயிலில் அவ்வளவு நம்ப வேண்டாம். இன்று பள்ளியில் எடுத்தது நாளைக்கு வீட்டில். கொடுக்கும்போது டப்பாவை வெந்நீர்க் கிண்ணத்தில் நிற்க வைத்தால் போதும், அடுப்பில் வைக்கக் கூடாது. மேலே ஆடை மாதிரி பிரிந்து நிற்பது கொழுப்பு, கெட்டுப்போனதில்லை, லேசாகச் சுழற்றிவிட்டால் கலந்துவிடும். அதைக் கெட்டது என்று கொட்டிய வீடுகளும் உண்டு.

அத்தையிடம் வைக்கும் பால் 250 மில்லியாவது இருக்கட்டும். இரண்டு இரண்டரை மணிக்கு ஒரு தரம், 60, 70 மில்லியாக நான்கு வேளை. குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, பாலாடையைக் கீழுதட்டில் வைத்து, அவளே உறிஞ்சும்படி சாய்க்க வேண்டும். ஊற்றினால்தான் கழுத்தில் வழியும். வாயை மூடித் திரும்பிக்கொண்டால் விட்டுவிடலாம், கணக்குக்காகத் திணிக்கக் கூடாது.

அடுத்தது தூளி. சிணுங்கியதும் கயிற்றை இழுக்கும் பழக்கம் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. அந்தச் சிணுங்கல் பல நேரம் பசியின் முதல் அடையாளம். ஆட்டத்தில் அது அமுங்கிப் போகிறது. இரண்டு மணி நேரம் தூங்கியிருந்தால், சிணுங்கும்போது ஆட்டாமல் எடுத்துப் பால் கொடுக்கச் சொல்லுங்கள்.

காலை எட்டு மணிப் பாலை வாசல்பக்கம் வேண்டாம், உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஏழே முக்காலுக்குக் கொடுங்கள். ஐந்து மாதக் குழந்தைக்கு வேன் சத்தம், நாய், பாத்திரம் எல்லாமே பாலைவிடச் சுவாரசியம்.

இரண்டு வாரம் கழித்து அதே தராசு. ஏறவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். இதற்கிடையில் குடிக்கும்போது களைத்து வியர்த்தாலோ, துணி நனைவது ஆறுக்குக் கீழே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, எப்போதும்போல் இல்லாமல் துவண்டு கிடந்தாலோ, இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே போங்கள்.

---

ஆடுதுறை_லட்சுமி | வியாழன், காலை 10:25

தூளியைக் குறை சொல்லாதே அம்மா. ஏழு தலைமுறை தூளியில்தான் வளர்ந்தது.

---

பாமணி | வியாழன், காலை 11:00

தூளி இருக்கட்டும், கயிற்றை எப்போது இழுப்பது என்றுதான் சொன்னேன்.

---

ஆடுதுறை_லட்சுமி | வியாழன், காலை 11:12

இழுக்காத தூளி எதற்கு?

---

நாகை_ரேவதி | வெள்ளி, காலை 8:30

இதைப் படித்துவிட்டு எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. என் பையனுக்கு 7 மாதம். நான் வீட்டில்தான் இருக்கிறேன். அவனும் ராத்திரி நான்கு ஐந்து முறை எழுகிறான். நானும் எழுதிப் பார்த்தேன். பகலில் ஆறேழு முறை தாய்ப்பால், நன்றாக விழுங்குகிறான். காலை இட்லியும் பருப்பும் மசித்து, மாலை சாதமும் கீரையும் நெய்யும். கரண்டியைச் சாய்த்தால் வழியாத கெட்டி. ஈரத்துணி எட்டு, ஒன்பது. எடை போன மாதம் 7.9, இந்த மாதம் 8.25. அவனுக்கும் பகலில் போதவில்லையா?

---

பாமணி | வெள்ளி, மதியம் 12:10

ரேவதி, ராத்திரி எழும்போது எவ்வளவு நேரம் குடிக்கிறான்?

---

நாகை_ரேவதி | வெள்ளி, மதியம் 12:30

ஒரு தடவை, விடியற்காலை நான்கு மணிக்கு, நன்றாகக் குடிப்பான். மற்ற நேரம் எல்லாம் இரண்டு நிமிடம் சப்புவான், அப்படியே தூங்கிவிடுவான். சில நாள் தட்டிக்கொடுத்தாலே போதும்.

---

பாமணி | வெள்ளி, பிற்பகல் 2:00

அப்படியானால் சிவா தம்பி முதலில் எழுதினாரே, அது உங்கள் வீட்டுக்குப் பொருந்தும். பகலில் உணவு போதுமான அளவு, கெட்டியாகவும் இருக்கிறது. ஒரு மாதத்தில் 350 கிராம் என்பது இந்த வயதுக்கு நல்ல ஏற்றம். துணி பகலிலும் நனைகிறது. ராத்திரி ஒரு வேளை பசி, மற்றது லேசான தூக்கத்தில் உங்களைத் தேடுவது. வெண்ணாறு வீட்டிலும் உங்கள் வீட்டிலும் ராத்திரி எழும் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். பகல் காகிதம்தான் வேறு. நீங்கள் உணவைக் கூட்டி அவனைத் தூங்க வைக்கப் பார்க்காதீர்கள்.

---

அரசலாறு | வெள்ளி, இரவு 9:50

ஊட்டச்சத்து படித்தவள் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். பிரிட்டனில் ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை உள்ள குழந்தைகளின் 715 தாய்மார்களிடம் கேட்டு 2015ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. பத்தில் எட்டுக் குழந்தை இரவில் ஒரு முறையாவது எழுகிறது. பகலில் பாலோ உணவோ கூடுதலாகச் சாப்பிட்ட குழந்தைகள் இரவில் பால் குடிப்பது குறைவாக இருந்தது. ஆனால் எழுவது குறையவில்லை! தாய்ப்பாலோ டப்பாப் பாலோ, எழுவதில் வித்தியாசம் இல்லை.

அதனால் வெண்ணாறு, பகலைச் சரிசெய்ததும் விடிய விடியத் தூங்குவாள் என்று எதிர்பார்க்காதீர்கள். ராத்திரி குடிக்கும் அளவு குறைகிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள். உங்கள் பெண் அந்த ஆய்வின் வயதைவிடச் சிறியவள் என்பதும் உண்மை.

---

குடமுருட்டி_சிவா | வெள்ளி, இரவு 10:20

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை ஐந்து மூன்றாகக் குறைந்ததே, அது எதனால்? ஒரே ஒரு ஞாயிறை வைத்துப் பேசுகிறோம். அம்மா பகல் முழுக்கப் பக்கத்தில் இருந்த நிம்மதியாகவும் இருக்கலாம் இல்லையா?

---

பாமணி | சனி, காலை 7:15

இருக்கலாம். பாலையும் அம்மாவையும் பிரித்துப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை உதவாது, அன்று இரண்டும் சேர்ந்தே கிடைக்கிறது. பள்ளி நாளில் அத்தை கையால் 250 மில்லி போனால் ராத்திரி எப்படி இருக்கிறது என்பதுதான் நல்ல சோதனை. எடைக்கு மட்டும் அந்தக் குழப்பம் கிடையாது, பாசத்தால் எடை ஏறாது.

---

வெண்ணாறு_அம்மா | இரண்டரை வாரம் கழித்து, ஞாயிறு, பிற்பகல் 3:30

எல்லாருக்கும் ஒரு தகவல். முதல் வாரம் பள்ளியில் 40, 50 மில்லிக்கு மேல் வரவில்லை, அழுகையாக வந்தது. ஸ்டோர் ரூமில் நாற்காலி போட்டுக் கொடுத்த பிறகு இப்போது இரண்டு வேளைக்கும் சேர்த்து 150 வருகிறது. காலையில் அவள் குடித்து முடித்தபின் இன்னொரு பக்கத்திலிருந்து 80 எடுக்கிறேன். 250 எட்டுவது வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான். மற்ற நாள் 220, 230.

அத்தை காகிதத்தில் வேளை வேளைக்கு எழுதுகிறார். வெந்நீரை நிறுத்திவிட்டார். தூளி அப்படியே இருக்கிறது, ஆனால் இரண்டு மணி நேரம் ஆனால் எடுத்துவிடுகிறார். பகல் ஈரத்துணி இப்போது 4, நிறம் வெளுத்துவிட்டது.

எடை அதே தராசில் 6.62. இரண்டு வாரத்தில் 270 கிராம்.

ராத்திரி மூன்று முறை, சில நாள் நான்கு. அதில் இரண்டு முறைதான் சத்தத்தோடு குடிக்கிறாள். மற்றது ரேவதி சொன்ன மாதிரி இரண்டு நிமிடம். போன செவ்வாய் மட்டும் ஆறு முறை எழுந்தாள். அன்று கரண்ட் போய் கொசு பிய்த்து எடுத்தது, அதுவா, பல் வருகிறதா, தெரியவில்லை.

---

வெட்டாற்றங்கரை | ஞாயிறு, மாலை 5:10

கொசுவலை கட்டிய இரவு, கட்டாத இரவு என்று இன்னொரு காகிதம் ஒட்டுங்கள்.

---

பாமணி | ஞாயிறு, இரவு 8:40

வாரம் 130 கிராம் கிட்ட வருகிறது, கோடு நிமிர்ந்துவிட்டது. 220 போதுமா என்று மில்லியைப் பிடித்துக்கொண்டு கவலைப்பட வேண்டாம், எடை ஏறும் வரை அவளுக்கு அது போதும். ராத்திரி அந்த இரண்டு வேளையை விட்டுவிடாதீர்கள், அதுவும் அவள் பங்குதான்.

ஆறு மாதம் முடிந்ததும் இதே காகிதத்தில் இன்னொரு பத்தி சேரும். அப்போது அத்தையின் கேழ்வரகுக்கு வேலை வரும், கூழாக அல்ல, கரண்டியில் நிற்கும் களியாக, நெய் விட்டு. பகல் பதினோரு மணிக்குக் கொடுங்கள், ராத்திரி படுக்கப் போகும்போது வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடை, இன்னும் ஒரு மாதம்.

---

ஆடுதுறை_லட்சுமி | ஞாயிறு, இரவு 9:05

ஆறு மாதம் முடிய எத்தனை நாள் இருக்கிறது? கேழ்வரகு முளைகட்டி நிழலில் காயவைத்து அரைக்க ஒரு வாரம் ஆகும், இப்போதே சொல்லி வை.